ஓ.பி.ஜி.யில் தெரிவதெல்லாம் நோயல்ல

கேள்வி: நான் பி.டி.எஸ். இறுதியாண்டு மாணவி. ஒரு ஓ.பி.ஜி.யில் இடது மேக்சில்லரி சைனஸில் மங்கலான வெள்ளை வளையம் தெரிந்தது. மேல்பற்களின் வேர்நுனிகள் எல்லாம் கருப்பாக இருந்தன. இடது ரேமஸ் வலதைவிட அகலம். மூன்றையும் நோயாக எழுதினேன். "முதலில் படம் எடுத்த விதத்தைப் படி" என்றார் மேடம். எதை எப்படிப் பார்ப்பது?

பதில்: அந்த வளையத்திலிருந்து தொடங்குவோம். படத்தில் நோயாளியின் வலது பக்கம் பதிவான ஓரத்தில், ரேமஸுக்குப் பின்னால் காதுமடல் வரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கூர்மையான விளிம்போடு ஒரு காது வளையம் இருந்தால், சைனஸில் நீங்கள் பார்த்தது அதன் கோஸ்ட் பிம்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இடது தாடை பதிவாகும் நேரத்தில் எக்ஸ்ரே குழாய் நோயாளியின் வலது பின்புறம் நிற்கிறது. கதிர் வலது காதைக் கடந்துதான் இடது தாடைக்கு வருகிறது. போதாததற்குக் கதிர் கீழிருந்து மேலாகச் சற்றுச் சாய்ந்தும் வருகிறது. டிடெக்டரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் வளையத்தின் நிழல் அதனால் மேலே ஏறி, பெரிதாகி, கலங்கி விழுகிறது.

எனவே கோஸ்ட் என்று சொல்ல நான்கு பொருத்தம் வேண்டும்: எதிர்ப்பக்கம், அசலைவிட உயரம், அசலைவிடப் பெரிது, மங்கல். வடிவமும் திசையும் மாறாது. கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பிவிடாது. அசல் எங்குமே இல்லையென்றால் கோஸ்ட் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அப்போது சைனஸைத் தனியாக ஆராய்ந்தே ஆகவேண்டும். உலோகம்தான் வேண்டும் என்றும் இல்லை. எதிர்ப்பக்கத் தாடைக் கோணமே ரேமஸ் மீது மங்கலான வெளுப்பாக விழும். நோயாளி கழுத்தைக் குறுக்கி நின்றால், முதுகெலும்பு படத்தின் நடுவில் கூம்பு வடிவ வெள்ளையாக வந்து முன்பற்களை மறைத்துவிடும்.

கருப்புப் பட்டைக்குக் காரணம் நாக்கு. நாக்கு அண்ணத்தோடு ஒட்டாதபோது இடையில் நிற்கும் காற்று, மேல்பற்களின் வேர்நுனிகள் மேல் பட்டையாகப் படர்கிறது. சிஸ்ட் என்றால் ஒரு பல்லைச் சுற்றி எல்லை கட்டி நிற்கும். இந்தப் பட்டையோ எந்தப் பல்லையும் மதிக்காமல், அண்ணத்தின் வளைவை ஒட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஓடும். ஆனால் அதற்குள் உண்மையான நோய் ஒளிந்திருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். ஏதாவது ஒரு பல்லில் ஆழமான சொத்தையோ வலியோ இருந்தால் அதற்கு மட்டும் ஐ.ஓ.பி.ஏ. எடுத்து, உயிர்ப்புச் சோதனையும் செய்யுங்கள். ஒரு பட்டைக்காக முழு ஓ.பி.ஜி.யையும் மறுபடி எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. முதல்முறையே "எச்சிலை விழுங்குங்க, நாக்கை மேலண்ணத்துல ஒட்டி வைங்க, படம் முடியும்வரைக்கும் எடுக்காதீங்க" என்று சொல்லியிருந்தால் போதும். பலர் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

ரேமஸ் அகலத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. இருபுறமும் கீழ் முதல் கடைவாய்ப்பற்களின் குறுக்களவை ஒப்பிடுங்கள். இடதுபுறம் பல்லும் அகலமாக இருந்தால், தலை திரும்பியிருக்கிறது. டிடெக்டரிலிருந்து விலகிய பக்கம் அகன்றும், நெருங்கிய பக்கம் குறுகியும் தெரியும். பற்கள் இருபுறமும் ஒரே அளவு, ரேமஸ் மட்டும் அகலம் என்றால் அது உண்மையான சமச்சீரின்மையாக இருக்கலாம். அப்போது நோயாளியின் முகத்தை நேரில் பாருங்கள். முன்பற்களும் இப்படித்தான்: முன்னால் நகர்ந்து நின்றவருக்குக் குச்சியாகவும், பின்னால் நின்றவருக்குப் பட்டையாகவும் தெரியும். மோவாய் தாழ்ந்திருந்தால் பல்வரிசை ஆங்கில வி போல வளையும், உயர்ந்திருந்தால் தட்டையாகும்.

இவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே வாசிப்பு. பெயர், இடவலக் குறி சரிபார்த்து, வலது கான்டைலில் தொடங்கி ரேமஸின் பின்விளிம்பு, கோணம், கீழ்விளிம்பு வழியாக இடது கான்டைல்வரை எலும்பின் வெளிக்கோட்டை விடாமல் தொடருங்கள். பிறகு தாடையின் உள்ளே நரம்புக் குழாய். அடுத்து மேல்தாடை: இரு சைனஸ்களின் தரையும் பின்சுவரும், அண்ணம். பின் எலும்புக்கு வெளியே, குறிப்பாகத் தாடைக் கோணத்துக்குக் கீழே கழுத்துப் பகுதி. கரோட்டிட் தமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அங்கேதான் தெரியும். பற்களைக் கடைசியில் வையுங்கள். ஒரு சொத்தை கண்ணில் பட்டதும் தேடல் அங்கேயே நின்றுவிடும், அதனால்தான்.

உங்கள் படத்துக்கு அறிக்கை இப்படி வரலாம்: "தலை திரும்பியுள்ளது, நாக்கு அண்ணத்தில் இல்லை, வலது காது வளையம் அகற்றப்படவில்லை, அதன் கோஸ்ட் இடது சைனஸ் மீது. இடது சைனஸின் அப்பகுதியும் மேல்பற்களின் வேர்நுனிகளும் இப்படத்தில் மதிப்பிடத்தக்கவை அல்ல."