58 வயதுக்கு முன் பி.எஃப். எடுத்தால் வரி உண்டா?

"ஓசூரில் ஒரு கம்பெனியில் 3 வருஷம், இப்போது வேறொன்றில் இரண்டரை வருஷம். வயது 34. பி.எஃப். பணத்தை எடுத்தால் வரி பிடிப்பார்களா, 58 ஆகணுமா?"

வரிக்கு வயது முக்கியமில்லை, தொடர்ந்து 5 வருஷம் சேவை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய கம்பெனியின் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால் அந்த 3 வருஷமும் சேர்ந்து ஐந்தரை வருஷமாகிவிடும், வேலையை விட்டு முழுசாக எடுத்தாலும் வரி கிடையாது. மாற்றவில்லை என்றால் போர்ட்டலில் One Member - One EPF Account என்ற இடத்தில் முதலில் அதைச் செய்யுங்கள், இங்கேதான் நிறைய பேர் அவசரப்பட்டுப் பணத்தை இழக்கிறார்கள்.

மாற்றாமல் முதல் கம்பெனியின் 1,20,000 ரூபாயை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 50,000-ஐத் தாண்டுவதால் பான் இருந்தால் 10 சதவீதம், அதாவது 12,000 பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதோடு முடியாது: கம்பெனி போட்ட பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகவும், உங்கள் பங்கின் வட்டி இதர வருமானமாகவும் சேரும். உங்கள் பங்குக்கு முன்பு 80சி கழிவு வாங்கியிருந்தால் அதுவும் வரிக்குள் வரும். மொத்த வருமானம் குறைவாக இருந்தால், ரிட்டர்ன் போட்டுப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். உடல்நிலை மோசமாகியோ கம்பெனி மூடியோ வேலை போயிருந்தால் 5 வருஷக் கணக்கு பார்க்க மாட்டார்கள்.

சரி, 58-க்குப் பிறகு? 5 வருஷம் இருந்தால் அசலுக்கு வரியில்லை. ஆனால் வேலையை விட்டபின் கணக்கில் கிடந்த காலத்துக்கு ஏறும் வட்டிக்கு வரி உண்டு.