குக்கரில் எரியும் அந்த மஞ்சள் விளக்கை நம்பாதீர்கள்

கேள்வி: "அண்ணா, நான் வெளிநாடு வந்து மூணு வாரம்தான் ஆகுது. நாலு பேர் சேர்ந்து ஒரே வீட்டில் இருக்கோம். காலை 7 மணிக்கு எலெக்ட்ரிக் குக்கரில் சோறு வச்சு 'வார்ம்'ல விட்டுட்டுப் போனா, ராத்திரி 11 மணிக்கு வந்து சாப்பிடலாமா? கரண்ட் நிறைய இழுக்குமா? எந்தக் குக்கர் வாங்கலாம்? வாடகை ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்கணும்?"

தம்பி, வாடகை ஒப்பந்தம் பற்றிச் சொல்லப் பத்துப் பேர் வருவார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் குக்கர் என்றால், மூடி இறுக்கமாகப் பூட்டும் குக்கர், அவ்வளவுதான். கரண்ட் விஷயமும் ஒரு வரிதான். சின்னக் குக்கர் வார்மில் 40 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 12 மணி நேரத்துக்கு அரை யூனிட் வரும். அந்த அரை யூனிட்டை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் ஒரு ராத்திரி முழுக்கக் குளியலறைத் தரையில் கிடந்தேன். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

நானும் வந்த புதிதில் உங்களைப் போலத்தான் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப் போன ஒரு குக்கர். கண்ணாடி மூடி, விளிம்பில் லேசாக நெளிந்திருக்கும். அன்று காலை 7 மணிக்குச் சோறு வைத்தது நான்தான். சுவிட்ச் டக்கென்று மேலே ஏறி வார்ம் விளக்கு எரிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். 8 மணிக்குக் கிளம்பிய இன்னொருவன், அவனுக்கு மின்கட்டணம் என்றால் உயிர் போகும், சுவரில் இருந்த ப்ளக் சுவிட்சை அணைத்துவிட்டான். மாலை 6 மணிக்கு வந்த மூன்றாமவன், "அய்யோ, யாரோ அணைச்சிருக்கான்" என்று மறுபடி போட்டுவிட்டான். நான் இரவு பதினொன்றரைக்கு வந்தபோது வார்ம் விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. சோறு சூடாக இருந்தது. வாசனையில் ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன். 2 மணிக்கு வாந்தி ஆரம்பித்தது, விடியும்வரை நிற்கவில்லை.

அந்தப் பழைய குக்கர் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இதில் என்ன நடந்தது என்று புரியும். பாத்திரத்தின் அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் சூடு கொஞ்சம் ஏறும். ஏறக்குறைய 103 டிகிரியில் அந்தக் காந்தம் பிடிப்பை இழந்துவிடும், சுவிட்ச் விடுபட்டு வார்முக்குப் போய்விடும். அதற்குப் பிறகு மின்சாரம் எத்தனை முறை போய் வந்தாலும் சமைக்கும் சுவிட்சைக் கையால் அழுத்தாதவரை வார்ம் விளக்குதான் எரியும். நடுவில் பத்து மணி நேரம் சோறு ஆறிக் கிடந்தது என்று அந்த விளக்குக்கு எப்படித் தெரியும்? 'இப்போது வார்முக்கு மின்சாரம் வருகிறது' என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. கணினி வைத்த குக்கர்களில் எத்தனை மணி நேரமாக வார்மில் இருக்கிறது என்று திரையில் காட்டும், அது கொஞ்சம் தேவலை.

சரி, சோறு ஆறினால் என்ன ஆகும்? அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் இருக்கும். மண்ணிலிருந்து வருபவை, எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. கொதிக்கும் தண்ணீரிலும் அந்த வித்துக்கள் சாவதில்லை. சோறு 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அவை முளைத்துப் பெருக வழியில்லை. சூடு அதற்குக் கீழே இறங்கி, முப்பது முப்பத்தைந்து டிகிரிக்கு வந்ததும் அவற்றுக்குக் கொண்டாட்டம். அந்தச் சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஐந்து மணி நேரத்தில் பத்து இரட்டிப்பு, ஒன்று ஆயிரமாகிவிடும். எங்கள் சோறு பத்து மணி நேரம் கிடந்தது.

அப்போது பெருகும் பாக்டீரியா சீரியூலைடு என்ற நஞ்சைச் சோற்றில் விட்டு வைக்கிறது. பாக்டீரியாவைச் சூடு காட்டிக் கொன்றுவிடலாம். இந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதது. அதனால் 'மறுபடி ஒரு கொதி விட்டுக்கலாம்', 'மைக்ரோவேவில் ஆவி பறக்க வச்சுக்கலாம்' என்பதெல்லாம் ஆறிக் கெட்ட சோற்றைக் காப்பாற்றாது. அந்த நஞ்சுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. மோந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள். சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இதன்மேல் சந்தேகப்படலாம். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, மயக்கமாக வருகிறது என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அரிதாக ஈரலைத் தாக்கி உயிர் போனதும் உண்டு.

இந்த இடத்தில் பழைய ஆட்கள் யாராவது வந்து, "நாங்கள் எல்லாம் ஒன்றரை நாள் வார்மில் வைத்துத் தின்றவர்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வார்கள். இந்த ரகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பாஸ்போர்ட் எந்த நிறத்துக்கு மாறினாலும் இவர்கள் வயிறு மட்டும் இரும்புதான். அவர்கள் குக்கர் 70 டிகிரியைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் தப்பித்தார்கள். அதில் அவர்கள் வயிற்றின் பெருமை ஒன்றுமில்லை. இதே ஆட்கள்தான் சோறு லேசாக மஞ்சளாகிவிட்டது என்று பயந்து கொட்டவும் செய்வார்கள். வார்மில் நெடுநேரம் இருக்கும் சோறு மஞ்சளாவதும் காய்ந்த வாசனை அடிப்பதும் சூட்டினால் வருவது. ரொட்டி சிவப்பதும் இதே வேதிவினைதான். ருசி போகுமே தவிர அந்த நிறம் நஞ்சு இல்லை. புளித்த வாடை, பிசுபிசுப்பு, நூலிழுப்பது இதெல்லாம் வேறு, அப்படி இருந்தால் கொட்டித்தான் ஆகவேண்டும்.

ஆக, எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் குக்கர் எத்தனை டிகிரியில் பிடித்து வைக்கிறது என்று பாருங்கள். நான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வாங்கிய முதல் சாமான் ஊசி மாதிரிக் குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், சோற்றுக்குக் காய்ச்சல் பார்க்கிறான் என்று. ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்தால் 0 காட்டுகிறதா என்று முதலில் சரிபார்க்கவேண்டும். பிறகு சோறு வார்முக்குப் போய் நாலு மணி நேரம் கழித்து நடுவில் ஒரு முறை, மேற்பரப்பில் பாத்திரத்தின் ஓரமாக ஒரு முறை குத்திப் பார்க்கவேண்டும். எங்கள் நெளிந்த மூடிக் குக்கரில் நடுவில் 66 டிகிரி, மேலே ஓரத்தில் 51. நடுவில் மட்டும் பார்த்திருந்தால் பிரமாதம் என்று நினைத்திருப்பேன். அந்த வகைக் குக்கர்களில் வார்மின் சூடு அடியிலிருந்துதான் வருகிறது, மூடி வழியே போய்விடுகிறது. போதாததற்கு நாலு பேரும் வருகிற போகிற நேரமெல்லாம் திறந்து பார்ப்பார்கள். இப்போது நான் வைத்திருப்பதில் பக்கவாட்டிலும் மூடியிலும் சூடேற்றும் கம்பி இருக்கிறது, எங்கே குத்தினாலும் 70க்குப் பக்கத்தில் காட்டுகிறது. மின்சாரம் சேமிக்கும் வார்ம் என்று ஒரு பொத்தான் சிலவற்றில் உண்டு. அது 60 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும், நான் அதைத் தொடுவதில்லை.

மேலே ஓரத்திலும் 60க்குக் குறையவில்லை, ப்ளக்கை யாரும் அணைப்பதில்லை என்றால் கையேட்டில் போட்டிருக்கும் நேரம்வரை விடலாம். நல்ல குக்கர்களில் வெள்ளைச் சோற்றுக்கு 12 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், சாதாரணக் குக்கர்களில் அதைவிடக் குறைவு. உங்களுக்கு 7 முதல் 11 வரை 16 மணி நேரம். எனவே வேண்டாம். அதோடு ஒருவர் சாப்பிடும் அளவுச் சோறு அவ்வளவு நேரத்தில் ஓரமெல்லாம் அப்பளமாகக் காய்ந்துவிடும்.

அதற்குப் பதில் நான் செய்தது இதுதான். காலையில் சோறு வெந்ததும் இரவுக்கு வேண்டியதை அகலமான டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். குவித்து வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும், அதில் பிரயோசனம் இல்லை. இரவு வந்து ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, மைக்ரோவேவில் நடுப்பகுதியும் கை வைக்க முடியாத சூடு வரும்வரை வைத்துச் சாப்பிடுவேன். ஒரு நாளைக்குள் முடித்துவிடவேண்டும். காலை 7 மணிக்குக் கிளம்பவேண்டும் என்றால் ஐந்தரைக்கு எழுந்து சோறு வையுங்கள், வேறு வழியில்லை.

ஃப்ரிட்ஜில் இருந்த சோற்றை வார்மில் போட்டுச் சூடாக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வார்மின் சக்தி சூடாக இருப்பதைத் தாங்கிப் பிடிக்கத்தான் போதும். குளிர்ந்த சோறு 60ஐத் தொட அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும், அத்தனை நேரமும் அந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்த சூட்டிலேயே கிடக்கும். காலைச் சோற்றின் மிச்சத்தின்மேல் புதுச்சோற்றைக் கொட்டுவதும், கரண்டியை உள்ளேயே விட்டு மூடுவதும் வேண்டாம். நாலு பேர் வீட்டில் இந்த இரண்டையும் தடுப்பதற்குள் உங்களுக்குத் தலை நரைத்துவிடும், எனக்கு நரைத்தது.

ப்ளக் அணைந்து கிடந்தது தெரிந்தால், எத்தனை மணிக்கு அணைந்தது என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் உடனே நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால், அல்லது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்றால், கொட்டிவிடுங்கள். சோற்றைக் கொட்ட மனசு வராது, எனக்கும் வராது. அன்று ராத்திரியை நினைத்துக்கொண்டு கொட்டுவேன்.

ப்ளக்கை அணைத்தானே, அவனும் இப்போது இங்கேயேதான் இருக்கிறான், சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். அன்று வாந்தி எடுத்த எனக்கு விடியும்வரை தண்ணீர் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். தான் அணைத்ததால்தான் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. நானும் ஆறு மாதம் கழித்துத்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துச் சொன்னேன். இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்தால் பேசிக்கொண்டே கை தானாகச் சமையலறைச் சுவிட்சுக்குப் போகும். குக்கர் ப்ளக்கின்மேல் நான் ஒட்டி வைத்திருக்கும் கறுப்பு டேப்பைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொள்வான்.