பில்லும் பர்மிட்டும்: லொறி ஏற்றுபவர்களின் கேள்விகள்

கொழும்பிலிருந்து டைல்ஸ் எடுத்தோம். பில்லில் 5,90,000 ரூபா மொத்தமாக இருக்கிறது, “வற் உட்பட” என்றும் எழுதியிருக்கிறது. இதை வைத்து வற் வரியைக் கழிக்கலாமா? (கல்முனை, ஹாட்வெயார் கடை)

இந்தப் பில்லை வைத்துக் கழிக்க முடியாது. கழிக்க வேண்டுமென்றால் கையில் வரி இன்வொய்ஸ் இருக்க வேண்டும். அதில் ‘டெக்ஸ் இன்வொய்ஸ்’ என்ற வார்த்தை எடுப்பாகத் தெரிய வேண்டும். விற்பவர், வாங்குபவர் இருவருடைய பெயர், முகவரி, வற் பதிவு எண்களோடு தொடர் இலக்கம், திகதி, பொருளின் விபரம், அளவு எல்லாம் வேண்டும். பெறுமதி தனியாக, வரி தனியாக, மொத்தம் தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் கணக்காளர் 5,90,000-இன் 18 வீதம் என்று 1,06,200 ரூபாவைப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. வரி ஏற்கனவே அந்தத் தொகைக்குள் இருக்கிறது. அதனால் 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும். பெறுமதி 5,00,000, வரி 90,000. பிழையாகப் போட்டால் 16,200 ரூபா கூடுதலாகக் கழித்ததாகிவிடும். வீதம் 2024 ஜனவரி 1-இல் 15-இலிருந்து 18 ஆனது. பழைய கணக்குத்தாளை அப்படியே வைத்திருக்கும் கடைகளில் இதே தடுமாற்றத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்வது? உங்கள் வற் எண்ணைக் கொடுத்து, முறையான வரி இன்வொய்ஸ் தரும்படி விற்றவரிடம் உடனே கேளுங்கள். அது கிடைத்தாலும் இன்வொய்ஸ் திகதியிலிருந்து 12 மாதத்துக்குள் கழித்துவிட வேண்டும். ஒரிஜினல் தொலைந்துவிட்டால், ‘பிரதி மட்டும்’ என்று குறித்த ஒன்றைத்தான் வாங்கலாம். புதிதாக இன்னொரு இலக்கத்தில் எழுதச் சொல்லாதீர்கள். ஒரே சரக்குக்கு இரண்டு இன்வொய்ஸ் இருந்தால் பரிசோதனையில் இரண்டு பேரும் மாட்டுவீர்கள்.

இந்தியாவில் ஈ-வே பில் இல்லாமல் லொறி ஓடக் கூடாதாம். இங்கும் வற் வரிக்கு அப்படி ஒரு பர்மிட் உண்டா? (அக்கரைப்பற்று)

இல்லை. டைல்ஸ், சீமெந்து, கம்பி போன்றவற்றை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக வற் சட்டத்தில் தனிப் பர்மிட் கிடையாது. ஆனாலும் சாரதியிடம் டெலிவரி நோட்டும் இன்வொய்ஸ் பிரதியும் இருக்கட்டும். மறித்துக் கேட்டால், சரக்கு யாருடையது என்று காட்ட அதுதான் உதவும்.

பர்மிட் கேட்கப்படுவது மணல், கிறவல், கருங்கல், மரம் போன்றவற்றுக்கு. அந்தச் சட்டங்கள் வேறு, அலுவலகங்களும் வேறு.

செங்கலடிப் பக்கம் மணல் ஏற்றிய டிப்பர் களுவாஞ்சிக்குடியில் பழுதாகி நின்றது. வேறு டிப்பருக்கு மாற்றிக் கொண்டுவந்தோம். பர்மிட் இருந்தும் பொலிஸ் பிடித்துவிட்டது. வரி இன்வொய்ஸும் இருந்ததே? (பெரியகல்லாறு)

உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் இன்வொய்ஸ் இங்கே உதவாது. மணல் பர்மிட் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் கீழ் வருவது. அதில் வாகன இலக்கம், கியூப் அளவு, எங்கிருந்து எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்குள் என்றெல்லாம் எழுதியிருக்கும். வாகனம் மாறியவுடன் அந்தத் தாளுக்கும் ரோட்டில் ஓடும் மணலுக்கும் தொடர்பு இல்லாமல் போய்விடுகிறது. பொலிஸுக்குத் தெரிவதெல்லாம் பர்மிட் இல்லாத டிப்பர்தான்.

பழுதானால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பர்மிட் தந்த அகழ்வு உரிமக்காரருக்குப் போன் போடுங்கள். புது வாகனத்துக்குப் புது பர்மிட் வரும்வரை மணலை மாற்றக் கூடாது. பேனாவால் வெட்டித் திருத்தவே வேண்டாம். ஒரு சாரதி 9-ஐ 4 ஆக்கிய தாளை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். மையின் நிறமே காட்டிக்கொடுத்தது. சாதாரணப் பர்மிட் பிரச்சினை அங்கே கள்ள ஆவணமாக மாறியது. உங்கள் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். பழுது பார்த்த கராஜ் பில்லையும் அன்றைய போன் அழைப்புப் பதிவையும் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

இன்னொன்று: மூன்று கியூபுக்குப் பர்மிட் எடுத்து மூன்றரை ஏற்றுவதும், காலைப் பர்மிட்டை மாலைச் சுற்றுக்கும் காட்டுவதும் இதே வழியில்தான் முடிகின்றன.

மணல்காரர் வற் என்று 18 வீதம் சேர்க்கிறார். பில்லில் எண் இல்லை. (ஏறாவூர்)

கொடுக்காதீர்கள். பதிவு இல்லாதவர் வற் அறவிட முடியாது. எண்ணைக் கேளுங்கள், தந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தளத்தில் (ird.gov.lk) சரிபாருங்கள்.

வளவில் நின்ற தேக்கை அரிந்து பலகையாக்கி மகளின் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். விற்பனை இல்லையே? (திருக்கோவில்)

விற்பனை இல்லாததால் இன்வொய்ஸ் தேவையில்லை. ஆனால் மரம் உங்களுடையதென்றாலும், அரிந்த பலகை ஆனாலும் வன இலாகாவின் போக்குவரத்துப் பர்மிட் வேண்டும். மரம் வளவில் நின்றதற்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு, அரிவதற்கு முன்பே போங்கள். அரிந்த பிறகு எந்த மரத்தின் பலகை இது என்று காட்டுவது கஷ்டம்.