ஆர்கான்2 அமைப்புகள்: லாகின் வேகமும் உடைப்பவரின் செலவும்

கேள்வி: லாகினுக்கு `argon2id` பயன்படுத்துகிறோம்: m 256 எம்பி, t=2, p=4. சர்வரில் 4 கோர், 4 ஜிபி ரேம். மற்ற வேலைகளுக்கே 2.5 ஜிபி போய்விடுகிறது. நான் தனியாகச் சோதித்தால் கால் நொடிதான் ஆகிறது. கூட்ட நேரத்தில், அதாவது நொடிக்குப் பத்து லாகின் வரும்போது, செயலி விழுந்துவிடுகிறது. மெமரியைக் குறைத்தால் பாதுகாப்பு போய்விடுமா? இந்த எண்களை எப்படி முடிவு செய்வது?

பதில்:

குறைக்கலாம். பாதுகாப்பு கொஞ்சம் குறையும், போய்விடாது. எவ்வளவு குறையும் என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஆனால் m-ஐ மட்டும் குறைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அப்படிச் செய்தால் செயலி விழுவது நிற்காது. இன்னும் பெரிய கூட்டம் வரும் நாளுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கடவுச்சொல்லை ஹேஷாக மாற்றும் ஆர்கான்2 ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் m அளவு மெமரியைத் தனியாகப் பிடித்து, அதை முழுவதும் நிரப்பி, முடிந்ததும் விடுகிறது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்தால் அந்த இடத்தைப் பகிர்ந்துகொள்ள வழியே இல்லை. உங்களிடம் மீதமிருப்பது 1.5 ஜிபி, அதாவது ஆறு பேர் ஒன்றாக வந்தாலே தீர்ந்தது. ஏழாவது கணக்கீடு தொடங்கியதும் லினக்ஸ் கர்னல் ஏதோ ஒரு செயல்முறையைக் கொல்கிறது, பெரும்பாலும் அது உங்கள் செயலிதான். `dmesg` வெளியீட்டில் `Out of memory: Killed process` என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கண்டெய்னரில் ஓடுகிறது என்றால் 137 என்ற வெளியேற்ற எண்ணைத் தேடுங்கள். ஸ்வாப் இயக்கப்பட்டிருந்தால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும்: எதுவும் விழாது, ஆனால் எல்லா லாகினும் பல நொடிகள் இழுக்கும். அதைவிட விழுவதே மேல், காரணமாவது உடனே தெரியும்.

எனவே முதலில் முடிவு செய்ய வேண்டியது m அல்ல. ஒரே சமயத்தில் எத்தனை ஹேஷ் கணக்கீடுகளை அனுமதிப்பது என்பது. உங்களிடம் நான்கு கோர். ஒன்றை மற்ற வேலைகளுக்கு விட்டுவிட்டு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டி அனுமதிப்பதால் யாருக்கும் விரைவாக முடியப்போவதில்லை; எல்லோரும் மெமரியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான்காவது ஆள் மெமரியைத் தொடாமல் வரிசையில் நிற்கட்டும்:

```python
slots = threading.BoundedSemaphore(3)

if not slots.acquire(timeout=2.0):
    return busy()      # 503
try:
    ok = verify(stored, password)
finally:
    slots.release()
```

இதில் எளிதில் கண்ணில் படாத ஒரு பொறி உண்டு. இந்த செமஃபோர் ஒரு செயல்முறைக்குள் மட்டும்தான் செல்லும். செயலியை நான்கு வொர்க்கர் செயல்முறைகளாக ஓட்டினால், மூன்று என்று நீங்கள் எழுதியது உண்மையில் பன்னிரண்டு. மூன்று வொர்க்கர் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று கொடுங்கள். அல்லது கடவுச்சொல் சரிபார்ப்பைத் தனி செயல்முறையாகப் பிரித்துவிடுங்கள்.

இனி p. உங்கள் சோதனையில் வந்த கால் நொடி, நான்கு கோரும் சும்மா இருந்ததால் வந்தது. p=4 என்றால் ஒரே ஆளுடைய வேலையை நான்கு திரெட்கள் பங்கிட்டுச் செய்கின்றன. கூட்ட நேரத்தில் ஒவ்வொருவரும் நான்கு திரெட்களோடு வருவதால் அந்த ஆதாயம் மறைந்துவிடுகிறது. லாகின் சர்வரில் p=1 போதும். லிப்சோடியம் நூலகம் p-ஐ எப்போதும் ஒன்றாகவே வைத்திருக்கிறது; இணையச் சேவைகளில் அது நல்ல முடிவு என்பது என் கருத்து.

அடுத்து m, t. பிடித்த மெமரியை எத்தனை சுற்று நிரப்புவது என்பதுதான் t. ஆர்எஃப்சி 9106 சொல்லும் வரிசையையே பின்பற்றுங்கள்: தாங்கக்கூடிய அதிகபட்ச மெமரியில் t=1 வைத்துத் தொடங்கி, நேரம் மிஞ்சினால் t-யைக் கூட்டுங்கள், நேரம் போதாவிட்டால் m-ஐக் குறையுங்கள். மெமரிக்கு ஏன் முன்னுரிமை? t-யை இரட்டித்தால் உடைப்பவருக்கு நேரம் மட்டும் இரட்டிக்கிறது. m-ஐ இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கிறது, அதே நேரத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் அவர் வாங்கி வைக்க வேண்டிய மெமரியும் இரட்டிக்கிறது.

மீதமுள்ள 1.5 ஜிபியில் பாதியை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கினால், கைவசம் சுமார் 750 எம்பி. மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 250. ஆக, மெமரியை மட்டும் பார்த்தால் உங்களுடைய பழைய அளவுக்குக் கிட்டத்தட்ட இடம் இருக்கிறது. தடையாக நிற்கப்போவது நேரம். அதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் ஓட்டாமல், மூன்றையும் சேர்த்து ஓட்டி அளக்க வேண்டும். எல்லாக் கோர்களும் ஒரே ரேமின் அலைவரிசையைப் பங்கிடுவதால், சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றும் மெதுவாகும்.

```sh
for i in 1 2 3; do
  echo -n 'test' | argon2 saltsalt -id -t 1 -m 17 -p 1 &
done; wait
```

இந்தக் கட்டளையில் `-m 17` என்பது இரண்டின் அடுக்கு: 2^17 கேபி, அதாவது 128 எம்பி. பெரும்பாலான நூலகங்களில் அதே இடத்தில் 131072 என்று கேபி கணக்கில் எழுத வேண்டும். இரண்டையும் குழப்பி நூலகத்தில் 17 என்று கொடுத்தால், அது வெறும் 17 கேபி. எந்தப் பிழைச் செய்தியும் வராமல் ஹேஷ் உருவாகிவிடும். சேமித்த ஹேஷில் `m=131072,t=1,p=1` என்று இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று: இந்தக் கருவி அச்சிடும் நொடிகள் சிபியு நேரம், கடிகார நேரம் அல்ல. p=1 ஆகவும் கோர்களுக்குள் அடங்கியும் ஓட்டும் வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசி முடிவை மட்டும் செயலிக்கு உள்ளேயே அளந்து எடுங்கள்.

உதாரணத்துக்கு, 256 எம்பி, t=1 அமைப்பில் மூன்று சேர்ந்து ஓடும்போது 0.36 நொடி வருகிறது என்று கொள்வோம். மூன்றை 0.36-ஆல் வகுத்தால் நொடிக்கு எட்டு லாகின். உங்களுக்குப் பத்து வேண்டும். t=2 என்றால் இன்னும் மோசம். மெமரியைப் பாதியாக்கி 128 எம்பிக்கு இறங்கினால் நேரமும் ஏறக்குறையப் பாதியாகி 0.18 நொடி, நொடிக்குப் பதினாறு லாகின். பத்துக்குப் பதினாறு என்பது நல்ல இடைவெளி. முப்பது பேர் ஒரே கணத்தில் வந்தாலும் பத்துச் சுற்றுகளில் முடியும். கடைசி ஆளுக்குப் பதில் கிடைப்பது 1.8 நொடியில். மேலே இரண்டு நொடி வரம்பு வைத்தது அதனால்தான். மொத்த மெமரி எந்தக் கூட்டத்திலும் 384 எம்பியைத் தாண்டாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. 128 எம்பி, t=1, p=1 என்று மாறினால் உடைப்பவருக்கு எவ்வளவு சலுகை?

ஹேஷ்கள் கசிந்து, ஒருவர் 24 ஜிபி மெமரியும் நொடிக்கு ஏறக்குறைய 1000 ஜிபி அலைவரிசையும் உள்ள கிராபிக்ஸ் கார்டை வைத்து உடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்கான்2 ஒரு தொகுதியைக் கணக்கிட வேறொரு பழைய தொகுதியைப் படித்து, புதியதை எழுதுகிறது. முந்தைய தொகுதியை அவர் சிப்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார் என்று அவருக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றுக்கு m-இன் இரண்டு மடங்கு தரவு மெமரியில் போய்வர வேண்டும். அடுத்த சுற்றில் பழைய உள்ளடக்கத்தையும் படிக்க வேண்டியிருப்பதால் மூன்று மடங்கு. புதிய அமைப்பில் ஒரு முயற்சிக்கு 256 எம்பி ஆகிறது. எனவே அலைவரிசை முழுவதையும் கசக்கிப் பிழிந்தாலும் நொடிக்குச் சுமார் 3,700 முயற்சிகள்தான் உச்ச வரம்பு. உங்கள் பழைய அமைப்பில் ஒரு முயற்சிக்கு 1280 எம்பி, அதாவது நொடிக்குச் சுமார் 745. நடைமுறை வேகம் இரண்டிலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வேறுபாடு ஐந்து மடங்கு. தற்செயலாகத் தேர்ந்த கடவுச்சொல்லில் ஒரு சிறிய ஆங்கில எழுத்து கூடினால் உடைக்கும் வேலை 26 மடங்காகிறது. ஆக நீங்கள் விட்டுக்கொடுப்பது ஓர் எழுத்துக்கும் குறைவு. எட்டுச் சிற்றெழுத்துகள் கொண்ட தற்செயல் கடவுச்சொல்லில் சுமார் 20,900 கோடி வாய்ப்புகள் உண்டு. அனைத்தையும் முயல அந்தக் கார்டுக்குப் பழைய அமைப்பில் ஒன்பது ஆண்டுகள் ஆகும், புதியதில் ஒன்றே முக்கால் ஆண்டு, அதுவும் ஒரே ஒரு பயனருக்கு. அதே ரகக் கார்டு எம்டி5 ஹேஷை நொடிக்குப் பதினாறாயிரம் கோடி முறைக்கும் மேல் கணக்கிடும். அங்கே இதே வேலை ஒன்றரை நொடிக்குள் தீர்ந்துவிடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உடைப்பவர் தற்செயல் எழுத்துகளிலிருந்து தொடங்க மாட்டார். ஏற்கெனவே கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலிலிருந்துதான் தொடங்குவார். ஒரு கோடிச் சொற்கள் கொண்ட பட்டியல் ஒரு பயனருக்கு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய அமைப்பாக இருந்தாலும் நான்கு மணி நேரத்துக்குள் முடியும். அந்தப் பட்டியலில் இருக்கும் கடவுச்சொல்லை எந்த m-உம் காப்பாற்றாது. பதிவு செய்யும்போதே அத்தகைய சொற்களை மறுப்பது மட்டும்தான் வழி.

வரிசை வைத்ததால் ஒரு புதிய பலவீனமும் வருகிறது. யாராவது குப்பை லாகின்களைக் கொட்டினால் மூன்று இடங்களையும் அவரே பிடித்துக்கொள்வார். எனவே ஐபி வாரியான வரம்பும் கணக்கு வாரியான வரம்பும் ஹேஷுக்கு முன்பே வர வேண்டும். இல்லாத பயனர் பெயருக்கும் போலி ஹேஷ் ஒன்றைக் கணக்கிட்டுப் பதில் நேரத்தைச் சமன் செய்கிறீர்கள் என்றால் (செய்ய வேண்டும்), அந்தக் கணக்கீடும் இதே செமஃபோர் வழியாகத்தான் போக வேண்டும்.

மாற்றத்துக்கு யாரையும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லத் தேவையில்லை. அமைப்பு எண்கள் ஹேஷுக்குள்ளேயே இருப்பதால் பழையவை பழைய எண்களோடே சரிபார்க்கப்படும். ஆனால் உங்கள் விஷயத்தில் அதுவேதான் சிக்கலும்: ஒவ்வொரு பழைய பயனரின் முதல் லாகினும் 256 எம்பியையும் நான்கு திரெட்களையும் பிடிக்கும், வெற்றி பெற்றதும் புதிய ஹேஷுக்கான நேரமும் சேரும். மூன்று பேருக்கு 768 எம்பி என்பதால் மெமரி தாங்கும், நேரம்தான் இழுக்கும். ஆகவே கூட்டம் குறைவான நாளில் தொடங்குங்கள். எத்தனை பேர் மாறியிருக்கிறார்கள் என்பதைப் போஸ்ட்கிரெஸில் இப்படிப் பார்க்கலாம்:

```sql
SELECT split_part(hash, '$', 4), count(*)
FROM users WHERE hash LIKE '$argon2id$%'
GROUP BY 1;
```

பழைய எண்கள் கொண்ட ஹேஷ்களின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் அசையாமல் நிற்கும். அது லாகின் செய்வதையே விட்டுவிட்டவர்களின் எண்ணிக்கை. அவர்களுடைய ஹேஷ்கள் புதியவற்றைவிடக் கடினமானவை என்பதால் அப்படியே விட்டுவிடலாம்.