அமுதுக்கு எத்தனை வீட்டுக்குச் சொல்வது?

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு கிராமத்தில் வசிக்கும் முன்பள்ளி ஆசிரியை, வயது 38. மாத வருமானம் 18,000 ரூபாய். கணவர் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார். கார்த்திகை மாதத்தில் அப்பா காலமானார். நேற்று முன்தினம் எட்டுச் செலவு முடிந்தது. அதுவரை 2 இலட்சத்து 85,000 ரூபாய் செலவாகியுள்ளது. மரண உதவிச் சங்கம் 60,000 தந்தது. உறவினர் கையில் தந்தது 95,000. மீதி 130,000 ரூபாய்க்கு என் சங்கிலியை வங்கியில் அடகு வைத்தோம்.

இப்போது 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் அமுதுக்கும் கணக்குப் பார்த்தால் 5 இலட்சத்து 20,000 வருகிறது. கிரியைக்கு 45,000, தலைக்கு 650 ரூபாய் வீதம் 600 பேருக்குச் சாப்பாடு 390,000, பந்தலும் கதிரையும் 40,000, கல்வெட்டுப் புத்தகம் 45,000. என்னிடமும் தங்கையிடமும் சேர்ந்து 110,000 இருக்கிறது. கட்டாரில் இருக்கும் தம்பி, “குறைவில்லாமல் செய்யுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறான். அம்மான், “கடன் பட்டாவது ஊர் மெச்சச் செய்ய வேண்டும்” என்கிறார். உரத்துக்கு வைத்திருக்கும் 120,000 ரூபாயை எடுக்கலாம் என்கிறார் கணவர். எங்கள் பெண்கள் குழுவில் 3 இலட்சம் நுண்கடன் தருவதாகவும், 52 வாரத்துக்கு வாரம் 6,800 கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள்.

அப்பா இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, கிளினிக்குக்குப் போகவில்லை என்று அவரை ஏசினேன். அதன் பிறகு அவருடன் நான் சரியாகப் பேசவில்லை. இரவில் நித்திரை வருவதில்லை. இதையாவது குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நான் என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணக்கில் முதலில் என் கண்ணில் பட்டது கிரியைக்கான சிறிய தொகையான 45,000 ரூபாய்தான். ஐயருக்குரிய தட்சணை, பூசைப் பொருட்கள், தானம், நீர்க்கரைக் கிரியை ஆகியவையெல்லாம் அதற்குள் அடங்குகின்றன. அப்பாவுக்காகச் செய்யப்படுவது என்று சாத்திரம் சொல்லும் பகுதி மொத்தச் செலவில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானது. அதை நீங்கள் கடன் படாமலே இன்றைக்கே செய்ய முடியும். கடனைக் கொண்டுவருவது 600 என்ற எண் ஒன்றுதான். ஆகவே “அப்பாவுக்குச் செய்வதா, விடுவதா” என்ற கேள்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, “அமுதுக்கு எத்தனை வீட்டுக்குச் சொல்வது” என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு ஒரு மகளால் ஒரே விடைதான் சொல்ல முடியும். இரண்டாவதற்கு நிதானமாகப் பல விடைகள் உண்டு.

அந்த 600 எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரிடமாவது கேட்டீர்களா? பெரும்பாலும் சமையல்காரர், “போன மாதம் இன்னார் வீட்டில் அறுநூறு பேர்” என்று சொல்லியிருப்பார், ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். எட்டுக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதை, போன அரிசியை வைத்தே அறியலாம். பச்சையாக ஒரு கிலோ அரிசி ஏழு அல்லது எட்டுப் பேருக்குக் காணும். எட்டுக்கு 25 கிலோ போயிருந்தால் வந்தவர்கள் இருநூறுக்குள்தான். நம் பக்கத்தில் அமுதுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான் வழக்கம் என்பதால், எண்ணிக்கை உங்கள் வாயிலேயே இருக்கிறது. சொல்லி முடித்த பிறகு குறைக்க முடியாது. அதனால் ஒரு வீட்டுக்கும் சொல்லப் போவதற்கு முன் இந்தக் கடிதத்தை வாசிக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

தொகையை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குள் ஆட்களை அடக்குவதே கடனில்லாமல் செய்யும் முறை. கையில் இருப்பது 110,000. தம்பியிடமிருந்து ஒரு சதமும் வராது என்றே வைத்துக்கொள்வோம். கிரியைக்கு 45,000 ஒதுக்கிய பிறகு 65,000 மிஞ்சுகிறது. 75 பேருக்குச் சாப்பாடு அதே 650 ரூபாய் வீதம் 48,750. மீதி 16,250 கதிரைக்கும் எதிர்பாராச் செலவுக்கும். பெட்டி தூக்கியவர்கள், இரவில் உடனிருந்தவர்கள், இரத்த உறவுகள், பக்கத்து வீடுகள் என்று எழுதிப் பாருங்கள். 75க்குள் ஏறக்குறைய எல்லோரும் வந்துவிடுவார்கள். தம்பி 60,000 அனுப்பினால் கையில் 170,000 ஆகும். அப்போது 150 பேருக்கு 97,500, கிரியை 45,000, சிறிய பந்தலும் கதிரையும் 15,000 என 157,500 போக 12,500 கையிருப்பு நிற்கும். உறவுகள் வழமைபோல அரிசி, தேங்காய், மரக்கறி கொண்டுவந்தால் அது உங்கள் கையிருப்பைக் கூட்டட்டும். அதை நம்பி ஆட்களைக் கூட்டாதீர்கள். கல்வெட்டுப் புத்தகத்தை இரண்டு கணக்கிலும் நான் சேர்க்கவில்லை. அதை ஆட்டைத் திவசத்துக்கு அச்சிட்டாலும் அது அப்பாவைப் பற்றியதாகத்தான் இருக்கும். துக்க அவசரத்தில் எழுதுவதை விட நன்றாகவும் இருக்கும்.

நுண்கடன் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். 6,800 ரூபாயை 52 வாரம் கட்டினால் 353,600 ஆகிறது. மேலதிகம் 53,600 என்று பார்த்தால் வட்டி 18 சதவீதம் போலத் தெரியும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறீர்கள். சராசரியாக ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கும் கடன் பாதிதான். அப்படிக் கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 33 சதவீதம். அதைவிடப் பெரிய சிக்கல், நான்கு வாரத் தவணை 27,200 என்பதும், உங்கள் மாத வருமானம் 18,000 என்பதும். நீங்கள் கட்டத் தவறும் வாரத்தில் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டிவரும். ஊர் என்ன சொல்லும் என்று பயந்து வாங்கும் கடன், ஒவ்வொரு வாரமும் அதே ஊர்ப் பெண்களின் முன் உங்களைத் தலைகுனிய வைக்கும். அமுதில் ஒரு நாள் தவிர்த்த வெட்கம் 52 தவணையாக வந்து சேரும் என்பதை, என்னிடம் வரும் பெண்கள் பலர் பிறகுதான் கண்டுகொள்கிறார்கள்.

உரப் பணத்தைத் தொடக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் வயல்தான். கார்த்திகை, மார்கழியில் பயிர் மட்டம் வெடிக்கும் பருவத்துக்கு யூரியா போகாவிட்டால், பிறகு இரட்டிப்பாகப் போட்டாலும் இழந்த மட்டம் திரும்பாது. விளைச்சல் குறைந்தால் மாசி, பங்குனியில் சங்கிலியை மீட்கும் பணமும் குறையும். கணவர் அதை எடுக்கச் சொன்னது உங்கள் கண்ணீரைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் என்று நினைக்கிறேன். அவருக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அடகுச் சீட்டின் முடிவுத் திகதியை மட்டும் இன்றே பார்த்து, அறுவடைக்கு முன் அது வருமானால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கத் திட்டமிடுங்கள். திகதி தெரியாமல் விடப்பட்ட நகைகள்தான் ஏலத்துக்குப் போகின்றன.

அப்பாவின் பெயரில் வங்கியில் ஏதும் இருந்தால், அதை 31ஆம் நாளுக்கான வருமானமாக எண்ணாதீர்கள். கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால், மரணச் சான்றிதழும் உரித்தைக் காட்டும் ஆவணங்களும் கொடுத்த பின்னரே வங்கி விடுவிக்கும், அதற்குக் காலமெடுக்கும். அவரது அட்டையைக் கொண்டு யாரும் பணம் எடுக்க வேண்டாம். பின்னர் சகோதரர்களுக்குள்ளேயே அது சந்தேகமாக மாறும்.

தம்பியின் பேச்சைப் பொறுப்பற்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரால் பாடையைத் தொட முடியவில்லை, வீடியோவில் பார்த்தார். பெரிய செலவுதான் அவர் வருகை தரும் வழி. “பார்த்துக்கொள்கிறேன்” என்ற சொல்லைப் பணமாக எண்ணாமல், அவருக்கு ஒரு குறிப்பிட்ட பங்கைக் கொடுங்கள். “கிரியைச் செலவு முழுவதையும் நீ ஏற்க வேண்டும், 45,000 ரூபாய் இந்தத் திகதிக்குள் வர வேண்டும், ஐயர் செய்யும்போது நீ போனில் இருக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவர் ஒன்றும் அனுப்பாமல் போகலாம். ஆனால் அப்பாவின் கிரியையை ஏற்றுக்கொண்டவர் அனுப்பிவிடுவார் என்பதே என் அனுபவம். பணம் வந்த பிறகே ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

அம்மானிடம் பேசும்போது அம்மாவை அருகில் இருத்திக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பேச வேண்டாம், அங்கே அவர் ஊருக்காகப் பேச வேண்டிவரும். காரணங்களை அடுக்காமல் தொகையைச் சொல்லுங்கள்: “அம்மான், எங்களிடம் இருப்பது ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். அதற்குள் எழுபத்தைந்து பேருக்குச் சொல்லலாம். எந்த வீடுகளை விடக் கூடாது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.” காரணத்துக்கு எதிர்க்காரணம் சொல்லலாம், எண்ணுக்கு எதிராக அவர் பணம்தான் வைக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பட்டியலைத் தயாரிப்பவர் அவர் என்று ஆகிவிட்டால், விடுபட்ட வீட்டார் குறை சொல்லும்போது பதில் சொல்பவரும் அவரே. உறவினர் கொடுத்த 95,000 எழுதப்பட்ட கொப்பியையும் அப்போது எடுத்துக் காட்டுங்கள். அது வட்டியில்லாத கடன்தான், ஆனால் அந்த வீடுகளில் நல்லது கெட்டது வரும்போது திருப்பிச் செய்ய வேண்டியது. செலவு முடிந்துவிட்டது என்று நினைக்கும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி, நீங்கள் கடைசியாக எழுதியது. கிளினிக்குக்குப் போகாத அப்பாவை ஏசிய மகள் அவரது உடம்பின் மீது அக்கறை வைத்திருந்தவள். நான்கு நாளில் இப்படி ஆகும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? இதைப் படித்ததும் குற்ற உணர்வு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அது இப்போது சமையல்காரரின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். தொகை கூடும்போது உங்கள் மனதில் ஒரு கணம் பாரம் இறங்கியதுபோல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இறங்கினால், அந்தப் பணம் அமுதுக்காக அல்ல, பேசாமல் இருந்த அந்த நாட்களுக்காகக் கொடுக்கப்படுகிறது. அறுநூறு பேர் சாப்பிட்டுப் போன பின்பும் அந்த நாட்கள் அப்படியே இருக்கும். நீங்கள் சொல்லாமல் விட்டதை அம்மாவிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த நான்கு நாளில் அப்பா உங்களைப் பற்றி அவரிடம் என்ன பேசினார் என்றும் கேளுங்கள். செலவு பற்றிய எந்த முடிவையும் இரவில் எடுக்காதீர்கள். இரவில் ஒத்துக்கொண்ட எதையும் மறுநாள் காலையில் தங்கையுடன் இருந்து மீண்டும் பாருங்கள். நித்திரையின்மை 31ஆம் நாளுக்குப் பிறகும் நீடித்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறையேனும் வந்தாலோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள்; 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அப்பாவுக்குச் செய்ய இன்னும் நாட்கள் இருக்கின்றன. தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் பிதிர்க்கடன் செய்வது உங்களுக்குத் தெரிந்ததே; அதற்குப் பேருந்துக் கட்டணமும் சிறு தட்சணையும் போதும். அதற்கு முன் நெல் வீட்டுக்கு வந்துவிடும். நெல் விற்ற பணத்தில் முதலில் சங்கிலியை மீளுங்கள். மிஞ்சுவதில் ஆட்டைக்கென்று ஒரு பகுதியைத் தங்கையின் பெயரும் சேர்ந்த கணக்கில் போட்டு வையுங்கள்.