48.2 ஓவரைப் பந்துகளாக மாற்றிவிட்டுத்தான் வகுக்க வேண்டும்

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பின்னம், தசமம், சதவீதம் மூன்றையும் கிரிக்கெட் ஸ்கோர்போர்டை வைத்து நடத்திப் பார்த்தேன். பிள்ளைகள் 48.2 ஓவரை அப்படியே தசமமாக எடுத்து வகுக்கிறார்கள். ஸ்ட்ரைக் ரேட் 115 என்றால், சதவீதம் எப்படி நூறைத் தாண்டும் என்று கேட்கிறார்கள். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: பல ஆட்டங்களிலிருந்து எண்களைப் பொறுக்காமல், ஒரே ஒரு இன்னிங்ஸை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். நான் எடுப்பது 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா ஆடிய இன்னிங்ஸ். ஆறு பேர்தான் மட்டை பிடித்தார்கள், கரும்பலகையில் அழகாக அடங்கிவிடும். சேவாக் 2 பந்தில் 0, சச்சின் 14 பந்தில் 18, கம்பீர் 122 பந்தில் 97, கோலி 49 பந்தில் 35, தோனி 79 பந்தில் 91, யுவராஜ் 24 பந்தில் 21. உதிரி ரன் 15, மொத்தம் 277. ஓவரையும் ஸ்ட்ரைக் ரேட்டையும் எழுதாதீர்கள், அவற்றைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

முதல் வேலை, பந்துகளைக் கூட்டுவது. 290 வரும். ஆறால் வகுக்கச் சொன்னால் ஈவு 48, மீதி 2. அந்த ஈவையும் மீதியையும் நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுதியதுதான் ஸ்கோர்போர்டில் பார்க்கும் 48.2. அதே 290-ஐ மீதி வைக்காமல் ஆறால் வகுத்துக்கொண்டே போனால் 48.333 என்று நீளும். இரண்டும் ஒரே அளவுதான், எழுதும் முறைதான் வேறு. இதை நீங்கள் வாயால் விளக்குவதைவிட, ஒரே கணக்குக்கு இரண்டு விடை வந்து அவர்களே குழம்பி நிற்கும் அந்த ஒரு நிமிடம்தான் பாடத்தின் உயிர், அவசரப்பட்டு உதவாதீர்கள். (நோ பால் உள்ள ஆட்டத்தை எடுத்தால் இந்தக் கூட்டல் உதைக்கும், ஏனென்றால் நோ பால் மட்டையாளர் சந்தித்த பந்துகளில் சேரும், ஓவரில் சேராது. இந்த இன்னிங்ஸில் அந்தத் தொல்லை இல்லை.)

அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: 48.5-க்கு அடுத்த பந்து போட்டதும் போர்டில் என்ன வரும்? 49 என்று வகுப்பே கத்தும். புள்ளிக்குப் பின்னால் 6, 7, 8, 9 வரவே வராது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதைக் கணக்கோடு சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இரண்டு மணி முப்பது நிமிடத்தை 2.30 என்று எழுதுகிறோமே, அது 2.3 மணி நேரம் இல்லை, இரண்டரை மணி. அதே போலத்தான் அரை ஓவர் என்பது 0.3. இதைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசை எழுத வையுங்கள்: ஒரு பந்து 1/6 ஓவர், இரண்டு பந்து 1/3, மூன்று பந்து 1/2, நான்கு 2/3, ஐந்து 5/6. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உண்மையான தசமம்: 0.167, 0.333, 0.5, 0.667, 0.833. பின்னத்திலிருந்து தசமத்துக்குப் போகும் பயிற்சி இங்கேயே பாதி முடிந்துவிடும்.

யார் இன்னும் தவறாகச் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ரன் ரேட் கேளுங்கள். 277-ஐ 48.2-ஆல் வகுத்தவருக்கு 5.75 வரும், 48.333-ஆல் வகுத்தவருக்கு 5.73. நோட்டைத் திருப்பிப் பார்க்காமலே விடையிலிருந்து தெரிந்துவிடும். நான் சொல்லித்தரும் வழி இன்னும் எளிது: எதையும் முதலில் பந்தாக்கு. 277-ஐ 290-ஆல் வகுத்து ஆறால் பெருக்கு. ஓவர் என்ற புள்ளியே கணக்குக்குள் வராது.

இனி ஸ்ட்ரைக் ரேட். இதைச் சதவீதப் பாடத்தின் தொடக்கத்தில் வைத்தால் குழப்பம் நிச்சயம், உங்கள் வகுப்பில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். முதலில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கணக்கைச் செய்யுங்கள். தோனியின் 91 ரன்னில் எட்டு ஃபோர், இரண்டு சிக்ஸ், அதாவது 44 ரன் எல்லைக்கோட்டுக்குப் போனவை. 44/91, தசமத்தில் 0.484, சதவீதத்தில் 48.4. இது நூறைத் தாண்ட வழியே இல்லை, ஏனென்றால் அந்த 44 அந்த 91-க்குள்தான் இருக்கிறது. இது ஊறிய பிறகு 91/79-க்கு வாருங்கள். ரன்கள் பந்துகளுக்குள் அடங்கியவை அல்ல, ஒரு பந்தில் ஆறு ரன்கூட எடுக்கலாம். நூறு பந்து ஆடினால் இந்த வேகத்தில் எத்தனை ரன் வரும் என்பதுதான் கேள்வி, விடை சுமார் 115. சதவீதம் என்று வந்தாலே “எதில் எவ்வளவு?” என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் நூறைத் தாண்டுவது அவர்களை உறுத்தாது. சச்சினின் 18/14-ஐச் சுருக்கி 9/7, கலப்புப் பின்னமாக 1 2/7, தசமமாக 1.2857, சதவீதமாக 128.57 என்று வரிசையாக எழுத வைத்தால், முன்னால் நிற்கும் அந்த 1 தான் நூறு என்று கண்ணுக்கே தெரியும்.

மாற்றும் பயிற்சிக்கு இந்த இன்னிங்ஸின் தங்கம் யுவராஜும் கோலியும். 21/24 சுருங்கி 7/8 ஆகிறது, வகுத்தால் 0.875-இல் மீதியில்லாமல் நின்றுவிடும், 87.5 சதவீதம். 35/49 சுருங்கி 5/7, வகுத்தால் 0.714285 என்று ஓடி மறுபடியும் 714285 என்றே திரும்பி வரும். நெடுவகுத்தலைக் கையாலேயே செய்ய விடுங்கள், மீதி 5 மறுபடி வந்ததும் யாராவது ஒருவர் “மிஸ், இது திரும்ப வருது” என்பார்கள்.

பின்னோக்கி வரும்போது ஒரு வித்தியாசம் தெரியும். 87.5 சதவீதத்திலிருந்து 875/1000, அங்கிருந்து 7/8 கிடைக்கிறது, ஆனால் 24 பந்து கிடைக்காது, அது 8 பந்தாகவோ 16 பந்தாகவோ இருந்திருக்கலாம். 71.43-லிருந்தோ 5/7 கூடக் கிடைக்காது, 7143/10000 தான், ஏனென்றால் அது முழுமையாக்கிய எண்.

ஓர் இடத்தில் மட்டும் ஸ்கோர்போர்டு உங்களுக்கே எதிராக வேலை செய்யும். சச்சின் 18/14, சேவாக் 0/2, இருவரும் சேர்ந்து எவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். ஒரு மாணவி மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி 18/16 என்றாள். இருவரின் கூட்டு வேகத்துக்கு அது சரியான விடை, 112.5. ஆனால் பின்னக் கூட்டல் அது இல்லை. 0/2 என்பது பூச்சியம், பூச்சியத்தைக் கூட்டினால் 18/14 அப்படியே இருக்க வேண்டும், குறையக் கூடாது. அந்த இரண்டு விடைகளையும் அடுத்தடுத்து எழுதி வைத்து, ஒன்று ஏன் குறைந்தது என்று அவளையே சொல்ல வைத்தேன். “சேவாக் ரெண்டு பந்த வீணாக்கிட்டார் சார், அதான்” என்றாள். இதைப் பேசாமல் விட்டால் தேர்வில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிவிட்டு வருவார்கள். 277/4 என்று எழுதுகிறோமே, அதில் உள்ள சாய்கோடும் பின்னம் அல்ல, விழுந்த விக்கெட்டைக் காட்டுவது மட்டும்தான், அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

பாடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க நான் கடைசியில் வைக்கும் கேள்வி ஒன்றுதான்: 20 ஓவர் ஆட்டத்தில் 19.5 ஓவர் முடிந்திருக்கிறது, இன்னிங்ஸில் எத்தனை சதவீதம் முடிந்தது? 97.5 என்று எழுதியவர்களை மறுபடி பந்து எண்ண அனுப்புங்கள். சரியான விடை 119/120, சுமார் 99.17.