கடை வைஃபை: கேளுங்கள், சொல்கிறேன்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற வைஃபையும் உங்கள் பில்லிங்கும் கலக்காமல் இருக்கிறதா என்பதைக் கேளுங்கள். ஸ்பீடு, ரீசார்ஜ் பிளான் எல்லாம் உங்கள் நெட்காரரிடம்.

மன்னார்குடி உரக்கடை: அக்கா, நெட்காரர் வைத்த ரவுட்டர் கல்லாவுக்குப் பின்னால் இருக்கு. பில்லிங் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா டிவிஆர் எல்லாம் அதில்தான். வாசலில் காத்திருக்கிறவங்களுக்கு எட்டவில்லைன்னு இன்னொரு ரவுட்டர் வாங்கி, ஏபி மோடில் போட்டு, அதில் கெஸ்ட் வைஃபை வைத்தோம். போதுமா?

போதாது என்றே வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். கெஸ்ட் ஆட்களை உள்ளே விடாமல் தடுப்பது ரவுட்டர் வேலை. ஏபி மோடுக்கு, அதாவது வெறும் சிக்னல் கொடுக்கிற பெட்டியாக, மாற்றியதும் பல மலிவான பெட்டிகள் அந்த வேலையை விட்டுவிடும். கெஸ்ட் என்ற பெயர் மட்டும் போனில் தெரியும், சேர்கிறவர் நேராக உங்கள் பிரிண்டர் இருக்கிற இடத்துக்கே வந்துவிடுவார். சில பெட்டிகள் ஏபி மோடிலும் ஒழுங்காகத் தடுக்கும். எது எப்படி என்று அட்டைப்பெட்டியைப் பார்த்துத் தெரியாது.

சோதனை இப்படி. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முதலில் கடை வைஃபையில் சேருங்கள். பிரவுசரில் டிவிஆரின் ஐபி எண்ணை அடியுங்கள், 192.168.1.50 என்று ஏதோ ஒன்று இருக்கும். லாகின் பக்கம் வரும். அப்புறம் கெஸ்டுக்கு மாறி அதே எண்ணை அடியுங்கள். அதே பக்கம் வந்தால் உங்கள் கெஸ்ட் சும்மா பெயருக்குத்தான். பிரிண்டருக்கும், 192.168.1.1 என்று இருக்கும் ரவுட்டரின் எண்ணுக்கும் இதையே செய்யுங்கள். முதல் படியை விட்டுவிட்டு, கெஸ்டில் திறக்கவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள், எண்ணையே தப்பாக அடித்திருக்கலாம். கெஸ்டில் சேர்ந்த போனுக்கும் 192.168.1 என்றே ஐபி வந்தால் சந்தேகம்தான், ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரே வரிசையில் எண் கொடுத்துவிட்டு உள்ளே தடுக்கிற ரவுட்டரும் உண்டு.

திருவாரூர் செல்போன் கடை: எதற்கு இவ்வளவு சுற்று? இரண்டாவது ரவுட்டரை ரவுட்டர் மோடிலேயே விட்டு அதை கெஸ்டுக்குக் கொடுத்தால் முடிந்தது. என் கடையில் அது 192.168.0, கடை 192.168.1. வேற வேற, பார்க்கவே முடியாது.

பாதி சரி. பிரிவது உண்மை, ஆனால் ஒரு பக்கம்தான். உள் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறவர் வெளியே போகலாம், வெளியே இருக்கிறவர் உள்ளே வர முடியாது. உங்கள் கெஸ்ட் உள்ளே, கடை வெளியே. கெஸ்ட் போன் 192.168.1.50 என்று கேட்டால் உள் ரவுட்டர் அதை இணையத்துக்குப் போகிற வழி என்று நினைத்து மேலே அனுப்பும், மேலேதான் உங்கள் டிவிஆர் உட்கார்ந்திருக்கிறது.

அதே திருவாரூர்: நான் பில்லிங் கம்ப்யூட்டருக்கு பிங் போட்டே பார்த்தேனே, பதிலே இல்லை.

விண்டோஸ் ஃபயர்வால் பெரும்பாலும் பிங்குக்குப் பதில் சொல்லாது, பக்கத்து மேஜையிலிருந்து போட்டாலும் இதே கதைதான். அதனால்தான் டிவிஆர், பிரிண்டர் என்று சொன்னேன்.

இரண்டு பெட்டிதான் இருக்கிறது என்றால் தலைகீழாக வையுங்கள். நெட்காரர் ரவுட்டர் கெஸ்டுக்கு, அதன் லேன் போர்ட்டிலிருந்து ஒரு வயர் இரண்டாவது ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு, கடைச் சாமான் எல்லாம் இரண்டாவதில். மன்னார்குடிக்காரருக்கும் இதுதான் பதில், இரண்டாவதை ஏபி மோடிலிருந்து ரவுட்டர் மோடுக்குத் திருப்பிவிட்டு. ஃபைபரை வாசல் பக்கம் மாற்றச் சொல்லுங்கள், கல்லாவுக்கு லேன் வயர் இழுங்கள். நெட்காரர் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள், இனிமேல் அந்தப் பக்கம் எல்லா கெஸ்டுக்கும் எட்டும். போர்ட் ஃபார்வர்டு வைத்து வீட்டிலிருந்து கேமரா பார்த்தவர்களுக்கு அது நின்றுபோகும், திரும்ப அமைக்க வேண்டும்.

தஞ்சாவூர், நெட்வொர்க் வேலை: மேடம், அப்படி வைத்தால் கடையின் டிராஃபிக் முழுக்க கெஸ்ட் நெட்வொர்க் வழியாகத்தான் வெளியே போகும். கெஸ்டில் ஒருத்தன் ஏஆர்பி விளையாட்டு விளையாடி, நான்தான் ரவுட்டர் என்று மற்ற பெட்டிகளை ஏமாற்றி நடுவில் உட்காரலாம். மூன்று ரவுட்டர் போடணும், இல்லையென்றால் விலான்.

தெரிந்து பேசுகிறீர்கள், மறுக்கவில்லை. மேல் ரவுட்டரில் கெஸ்ட் ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்க விடாத வசதி இருந்தால் வயரில் இருக்கிற உள் ரவுட்டரையும் அது காக்குமா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். வங்கி, ஜிஎஸ்டி பக்கங்கள் எச்டிடிபிஎஸ் என்பதால் நடுவில் இருப்பவருக்கு உள்ளடக்கம் தெரியாது, எந்தத் தளம் என்பது தெரியலாம். ஒரே வயரில் இரண்டு நெட்வொர்க்கைப் பிரித்து ஓட்டுகிற விலான் வைத்தால் சுத்தமாக முடியும், ஆனால் ரவுட்டர், சுவிட்ச், ஏபி மூன்றும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். உரக்கடைக்கு அந்தச் செலவு தேவையா என்பதில் உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராது, விடுங்கள்.

மயிலாடுதுறை மெடிக்கல்: பாஸ்வேர்டு வலுவாக இருக்கு, பத்து இலக்கம். WPA2தான். போதாதா?

பத்து இலக்கம் என்றால் கடை போன் நம்பர், அதுதானே? போர்டில் எழுதி வைத்திருக்கிற எண்ணைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். வேறு எண்ணாக இருந்தாலும், செல்போன் எண் 6, 7, 8, 9ல் தொடங்கும் என்பதால் மொத்தம் 400 கோடி வாய்ப்புதான். ஒரு போன் சேரும்போது காற்றில் போவதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம், நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு அது சில மணி நேர வேலை. சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள்.

செட்டிங்கில் WPA2-PSK, AES. TKIP என்று எங்கேயும் இருக்கக் கூடாது. WPA3 இருந்து பழைய பிரிண்டர் சேரவில்லை என்றால் WPA2/WPA3 கலப்பு, அப்போதும் பாஸ்வேர்டு நீளமாகவே இருக்கட்டும். WPSஐ அணையுங்கள்.

பாபநாசம் மளிகை: வைஃபை பேரை மறைத்துவிட்டால் போதும்தானே?

போதாது. சேர்கிற போனே பெயரைச் சொல்லிவிடும்.

கும்பகோணம் பாத்திரக்கடை: எங்க கடை பேரிலேயே இரண்டு வைஃபை தெரியுது. ஒன்று பூட்டு இல்லாமல் இருக்கு. யாரோ போலியா வச்சிருக்காங்களா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரே பெயர் இரண்டு முறை என்பது மட்டும் பயமில்லை, 2.4, 5 என இரண்டு அலைவரிசையும் தனித்தனியாகத் தெரியலாம். பூட்டு இல்லாதது வேறு விஷயம். விண்டோஸ் லேப்டாப்பில் வைஃபை பட்டியலை ஒரு முறை திறந்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் இதை அடியுங்கள், லொக்கேஷனை ஆன் செய்யச் சொன்னால் செய்யுங்கள்:

```
netsh wlan show networks mode=bssid
```

ஒவ்வொரு பெயருக்கும் கீழே, சிக்னல் அனுப்புகிற பெட்டியின் அடையாளமான BSSID எண்களும் Signal சதவீதமும் வரும், குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் ரவுட்டர், ஏபி எல்லாவற்றின் அடாப்டரையும் பிடுங்குங்கள். கரண்ட் போனால் போதும் என்று இருக்காதீர்கள், இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்ப அடியுங்கள். பூட்டில்லாதது இன்னும் இருந்தால், நீங்கள் பிடுங்கிய பெட்டி அல்ல. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்து சிக்னல் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். கடைக்கு வெளியே ஏறினால் அதில் யாரும் சேர வேண்டாம் என்று ஊழியர்களிடம் சொல்லுங்கள், போன்களில் அந்தப் பெயரை மறக்கவும் செய்யுங்கள்.

என் அனுபவத்தில் பெரும்பாலும் மாடியில்தான் ஏறும். கோடவுனில் வேலை செய்கிற பையன், சிக்னல் வரவில்லை என்று பழைய ரவுட்டரை லேன் வயரில் சொருகி அதே பெயரையும் வைத்திருப்பான். கெட்ட எண்ணமில்லை, ஆனால் தெருவுக்கே பில்லிங்கைத் திறந்துவிட்ட மாதிரி. லேன் போர்ட்டில் சொருகியிருந்தால் அந்தப் பெட்டியும் ஐபி கொடுக்க ஆரம்பித்து, திடீரென்று பில் பிரிண்டர் காணவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். சமீபத்தில் அப்படி ஏதாவது நடந்ததா?

பாத்திரக்கடை: போன வாரம் முழுக்க பிரிண்டர் தகராறு.

மாடிக்குப் போய் வயரைப் பாருங்கள்.

நீடாமங்கலம்: அக்கா, பேரை மறைத்து, மேக் அட்ரஸ் ஃபில்டரும் போட்டால்...

மேலே பாபநாசத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். மேக் அட்ரஸைக் காற்றில் பார்த்து நகல் எடுக்கலாம், இப்போதைய போன்களே ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு எண் காட்டும்.

வலங்கைமான்: எங்க மீட்டர் ரீடிங்குக்கு வைஃபை தேவையா?

இல்லை.

பாத்திரக்கடை: பார்த்தாச்சு. மாடியில் ரவுட்டர் எதுவும் இல்லை. கீழே எல்லாவற்றையும் பிடுங்கினாலும் அந்தப் பேர் தெரியுது, பக்கத்து லாட்ஜ் சுவர் ஓரம் சிக்னல் ஏறுது.

அப்போது பிரிண்டர் தகராறு வேறு கதை. BSSID எண்ணோடு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு லாட்ஜ்காரரிடம் போய்ப் பேசுங்கள். அதுவரை கடை வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.